தீயும் கட்டடமும் – 9: புகை வெளியேற, காற்று உள்ளே வர

வணிக வளாகத்தின் நடுமுற்றத்துக்குப் புகை வெளியேற்றும் விசிறியைத் தேர்ந்தெடுக்கும்போது, முற்றத்தின் கன அளவை எடுத்து மணிக்கு இத்தனை முறை காற்று மாற வேண்டும் என்று கணக்கிடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 16 மீட்டர் உயரமுள்ள முற்றத்துக்கு மணிக்கு 6 முறை என்றால் நொடிக்கு 16 கனமீட்டர் வரும். இந்தக் கணக்கில் தீயே இல்லை. தரையில் ஒரு கடை எரிந்தால் எழும் புகைத்தூண், ஏற ஏறச் சுற்றியுள்ள காற்றைத் தன்னுள் இழுத்துப் பருக்கிறது. கூரையடியில் சேரும் புகையில் பெரும்பகுதி இப்படிக் கலந்த காற்றுதான். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 92 விதிநூல் அதன் நிறையை இப்படிக் கணக்கிடுகிறது:

```
m = 0.071 Qc^(1/3) z^(5/3) + 0.0018 Qc
```

இதில் m என்பது நொடிக்கு எத்தனை கிலோ புகை என்பது. Qc என்பது தீயின் வெப்பத்தில் புகையோடு மேலேறும் பங்கு, கிலோவாட்டில். பொதுவாக மொத்தத்தில் 70 சதவீதம். z என்பது தீயிலிருந்து புகைப்படலத்தின் அடிவரை உள்ள உயரம், மீட்டரில். நம் முற்றத்தில் மேல்தள நடைபாதை 10 மீட்டரில் இருக்கிறது. அங்கே நிற்பவர் தலைக்கு மேல் புகை நிற்க வேண்டுமென்றால் z சுமார் 12. தீ 5,000 கிலோவாட் என்று கொண்டால் Qc 3,500. விடை நொடிக்கு 74 கிலோ. அந்தப் புகை சுற்றுக் காற்றைவிட சுமார் 47 டிகிரி சூடாக இருக்கும். கன அளவிலும் ஏறக்குறைய 74 கனமீட்டர்தான். பழைய கணக்கைவிட நான்கு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் இன்னும் பெரிய விசிறியைப் போட்டுவிடலாமே என்பார்கள். அங்கேதான் இடறுகிறது. வெளியேறும் நிறையில் 85 முதல் 95 சதவீதம் காற்று புகைப்படலத்துக்குக் கீழிருந்து உள்ளே வர வேண்டும். புகைத்தூணை அது தொடும் இடத்தில் வேகம் நொடிக்கு சுமார் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தூண் சாய்ந்து, மேலும் காற்றை இழுத்து, கணக்கைவிட அதிகப் புகையை உண்டாக்கும். 90 சதவீதம் என்றால் நொடிக்கு 58 கனமீட்டர், அதாவது 58 சதுரமீட்டர் திறப்பு: சாதாரண இரட்டைக் கதவில் 15. தீ எச்சரிக்கை ஒலித்தவுடன் அவை தானே திறந்து நிற்க வேண்டும். திறக்காவிட்டால் உள்ளழுத்தம் குறைந்து, வெளிப்புறம் திறக்கும் வாசல்களை மக்கள் தள்ள முடியாமல் போகும். பெரிய விசிறி இந்தச் சிக்கலைக் கூட்டவே செய்யும்.

ஆகவே குறைக்க வேண்டியது z. மேல்தள நடைபாதையை முற்றத்திலிருந்து வெப்பம் தாங்கும் கண்ணாடியாலோ தானே இறங்கும் புகைத்திரையாலோ பிரித்தால், கணக்கை இரண்டாம் தளத்துக்கு வைக்கலாம். z 7 ஆகும், புகை நொடிக்கு 34 கிலோவாகும். பாதிக்கும் குறைவு! திறந்த முற்றத்தின் அழகு குறையும் என்று கட்டடக் கலைஞர் மறுப்பார். திரையோ தீயின்போது மட்டுமே இறங்குவது. ஆனால் குறைந்த அளவு புகையில் சேரும் அதே வெப்பம் அதைச் சுற்றுக் காற்றைவிட 100 டிகிரிக்கு மேல் சூடாக்கும். திரையும் விசிறியும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும்.

திறப்பு விழாவுக்கு முன், எல்லா விசிறிகளையும் ஓடவிட்டு, வாசலில் காற்றின் வேகத்தையும் வெளியேறும் கதவைத் திறக்கத் தேவைப்படும் விசையையும் அளந்து பாருங்கள். அந்த அளவுகள் இல்லாமல் சான்றிதழ் கேட்கும் வளாகத்துக்கு அனுமதி தரக் கூடாது.