வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை

மதுரையில் ஒன்பது கார் வைத்து டிராவல்ஸ் நடத்தும் நண்பர் ஒருவருக்கு முன்பதிவுப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்தேன். வேலை தொடங்கிய முதல் வாரத்தில் நான் ஒரு கோடுகூடப் போடவில்லை. அவருடைய ஆபீஸில் உட்கார்ந்து, வரும் போன்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வந்த ஒரு போன்தான் பாதிப் பக்கத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது.

"வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரைக்கு வண்டி வேணும். ராமேஸ்வரம் போய்ட்டு அன்னைக்கு சாயங்காலமே திரும்பிடுவோம்" என்றார் பேசியவர். நண்பர் நோட்டில் எழுதிக்கொண்டே, "சார், வெள்ளி விடிஞ்சா சனிக்கிழமை, அந்தப் பன்னிரண்டரைதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று பதில் வந்தது. போனில் ஒரு கேள்வியோடு இது முடிந்துவிட்டது. கணினிக்கு 'வெள்ளி 12.30' என்றால் அது வியாழன் இரவு முடிந்ததும் வருவது, அதாவது நாம் நினைப்பதற்கு ஒரு நாள் முன்னால். நம் பேச்சில் ராத்திரி என்பது விடியும்வரை முந்தின நாளையே சேர்ந்தது. நாள்காட்டியில் பெட்டியைத் தொட்டு, அடுத்த பெட்டியில் 12.30 என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் பத்தில் இரண்டு பேராவது தவறிவிடுவார்கள். அவர்கள் வீட்டு வாசலில் பையோடு நிற்கும் ராத்திரிக்கு ஒரு நாள் முன்பே வண்டி வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கும்.

அதனால் ராத்திரி 10 முதல் அதிகாலை 4 வரை எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும், பக்கம் அதை ஒரு முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லும்படி செய்தேன்: 'வெள்ளி இரவு முடிந்து, சனிக்கிழமை பிறந்த பின் 12.30 மணி. சரிதானா?' வடிவமைப்பாளர்களுக்கு இப்படி நீட்டி எழுதுவது பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. ஆனால் நண்பர் போனில் கேட்ட கேள்விக்கு வேறு மாற்று கிடைக்கவில்லை.

இந்த நள்ளிரவு, தேதியோடு நிற்காமல் பணத்திலும் கை வைக்கிறது. வெளியூர் டாக்ஸியில் போய்த் திரும்பும் பயணத்துக்கு, எவ்வளவு ஓடினாலும் நாளொன்றுக்கு 250 கிலோமீட்டராவது கணக்கில் வரும் என்பது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். 'நாள்' என்பதைப் பல டிராவல்ஸ்காரர்கள் 24 மணி நேரமாக எடுப்பதில்லை. நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை என்று நாள்காட்டிப்படி எடுக்கிறார்கள். கிலோமீட்டரும் நம் வீட்டு வாசலில் தொடங்குவதில்லை. வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும்வரை எண்ணுவார்கள். 'ஷெட் டு ஷெட்' என்று இதற்குப் பெயர்.

அந்த ராமேஸ்வரம் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். ஷெட்டிலிருந்து வீட்டுக்கு 6 கிலோமீட்டர், வீட்டிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 172, அங்கிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்வர 44, திரும்ப 172, ஷெட்டுக்கு 6. மொத்தம் 400. நண்பரின் விலை செடான் காருக்குக் கிலோமீட்டருக்கு 13 ரூபாய், டிரைவர் பேட்டா நாளுக்கு 400. சனிக்கிழமை பிறந்து 12.30க்குக் கிளம்பி அன்று சாயங்காலம் திரும்பினால் ஒரு நாள்தான். 5,200 ரூபாயும் பேட்டா 400ம் சேர்த்து 5,600 ஆகும். இதே குடும்பம் கொஞ்சம் முன்கூட்டியே போவோமே என்று வெள்ளி இரவு 11 மணிக்குக் கிளம்பினால் அது இரண்டு நாள். 500 கிலோமீட்டருக்கு 6,500, பேட்டா 800, மொத்தம் 7,300. ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்பியதற்கு விலை 1,700 ரூபாய். ஸ்படிகலிங்க தரிசனம் காலை 5 மணி வாக்கில்தான், 12.30க்குப் புறப்பட்டாலும் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பில் சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. பயணி தன் மனதில் 400-ஐ 13-ஆல் பெருக்கி வைத்திருக்கிறார். டிரைவர் 500-ஐப் பெருக்கிச் சொல்கிறார். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் இருவருக்கும் ஏமாந்த உணர்வு. ஆகவே கட்டண மதிப்பீடு என்ற இடத்தில் ஒரே ஒரு பெரிய எண்ணைக் காட்டுவது போதாது. 'ஓடப்போவது சுமார் 400 கி.மீ., கணக்கில் வருவது 500 கி.மீ., காரணம் பயணம் இரண்டு தேதிகளைத் தொடுகிறது' என்று மூன்று வரி வேண்டும். அதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'நள்ளிரவு 12க்குப் பிறகு கிளம்பினால் 1,700 ரூபாய் குறையும்.'

நண்பர் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னப்பா, நம்ம வருமானத்த நம்மளே கொறைக்கிற மாதிரி இருக்கே" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 1,700-ஐக் கடைசியில் வாங்கும்போது டிரைவர் தெருவில் அரைமணி நேரம் வாதாட வேண்டியிருந்த கதைகளை அவரே எனக்குச் சொல்லியிருந்தார். வரி அப்படியே இருக்கட்டும் என்று ஒரு மாதம் கழித்துச் சம்மதித்தார்.

தூரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் புதிதாகச் செய்பவர்கள் ஒரு பிழை செய்வார்கள். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நேர்கோட்டுத் தூரம் எடுப்பது சுலபம், செலவும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு அப்படிக் கோடு போட்டால் அது மன்னார் வளைகுடா மேல் போகும். கார் போகாது. சாலை வழித் தூரம் தரும் வரைபடச் சேவையைத்தான் கேட்க வேண்டும். சுங்கம் வேறு கதை. இந்த வழியில் திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் சாவடி இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரு வழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் பிடிக்கும், தாமதித்தால் இரண்டு மடங்கு. கட்டணமும் அவ்வப்போது மாறும். எனவே சுங்கத்தை மதிப்பீட்டுக்குள் கலக்காமல், 'ஃபாஸ்டேக்கில் எடுத்தபடி, தனியாக' என்று வெளிப்படையாக எழுதிவிட்டோம்.

அடுத்தது ஏறும் இடம். வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். அண்ணா நகர் என்று தட்டினால் மதுரை அண்ணா நகரும் வரும், சென்னை அண்ணா நகரும் வரும். அதையாவது ஊரை முதலில் கேட்டுச் சரிசெய்துவிடலாம். ரயில் நிலையம் என்று புள்ளி வைத்தால் எந்த வாசல்? மதுரை ஜங்ஷனுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் வாசல் உண்டு. சென்னை எழும்பூரில் காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒன்று, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒன்று. புள்ளி நடுவில் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் நிலையம், பஸ் ஸ்டாண்டு போன்ற இடங்களுக்கு மட்டும் வாசல்களின் பெயர்களைப் பொத்தான்களாக வைத்தோம். வீடுகளுக்கு ஒரு திறந்த கட்டம்: 'டிரைவருக்கு எப்படி அடையாளம் சொல்வீர்கள்?' அதில் 'ஆவின் பூத் எதிர்சந்து, பச்சை கேட்' என்று வந்து விழும் வரி, எந்தப் புள்ளியையும்விட டிரைவருக்கு உதவுகிறது.

இன்னொரு விஷயம் போன் எண். பதிவு செய்கிற மகன் சென்னையில் இருப்பார், ஏறப்போகிறவர்கள் மதுரையில் இருக்கும் அப்பாவும் அம்மாவும். ஒரே ஒரு எண் வாங்கினால் டிரைவர் நள்ளிரவில் சென்னைக்காரரை எழுப்புவார். 'பயணம் செய்பவர் வேறு ஒருவரா?' என்று கேட்டு இரண்டாவது எண்ணை வாங்க வேண்டும். வண்டி எண் இருவருக்கும் போக வேண்டும், பயணத்தைத் தொடங்கும் ரகசிய எண் வண்டியில் ஏறுபவருக்குத்தான் போக வேண்டும்.

நாமே ஓட்டும் வாடகைக் காருக்கு இந்தப் பக்கம் பொருந்தாது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள அந்த வண்டிகளுக்கு உரிமம், முன்பணம், கீறல் சோதனை என்று கேள்விகளே வேறு. அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன்.

இனி டிரைவர். பணம் கட்டியவுடன் பச்சை டிக் போட்டு 'உங்கள் பயணம் உறுதி' என்று காட்டும் பக்கங்கள் பல, பாதி பொய் சொல்கின்றன. அந்த நேரத்தில் எந்த டிரைவரும் சம்மதித்திருக்கமாட்டார். நாங்கள் மூன்று படிகளாகப் பிரித்தோம்: கோரிக்கை வந்துவிட்டது, டிரைவர் ஒப்புக்கொண்டார், டிரைவர் கிளம்பிவிட்டார். இரண்டாவது படிக்கு வந்த பிறகுதான் 'உறுதி' என்ற சொல் திரையில் வரும்.

டிரைவர்களுக்குப் போகும் செய்தியில் ஊர், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், பேட்டா எல்லாம் முதலிலேயே இருக்கும். ராமேஸ்வரம் என்று தெரியாமல் ஒப்புக்கொண்டவர், தெரிந்ததும் போனை அணைத்துவிடுவார். பத்து நிமிடத்தில் யாரும் எடுக்காவிட்டால் ஆபீஸ் போன் அடிக்கும். இரண்டு டிரைவர்கள் ஒரே நொடியில் 'சரி' அழுத்தினால்? முதல் வாரமே அது நடந்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு வண்டிகள் போய் நின்றன. 'காலியா?' என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பெயரை எழுதியதுதான் தப்பு. பார்ப்பதும் எழுதுவதும் ஒரே கட்டளையில் நடக்க வேண்டும்:

```
UPDATE trips
SET driver_id = 7, status = 'assigned'
WHERE id = 412 AND status = 'waiting';
```

காத்திருக்கும் நிலையில் இருந்தால் மட்டுமே பெயர் ஏறும். ஒரு நொடி பிந்தியவருக்கு எந்த வரியும் மாறாது. 'வேறொருவர் எடுத்துவிட்டார்' என்ற செய்தி போகும்.

மூன்றாவது படிதான் ராத்திரிப் பயணங்களைக் காப்பாற்றுகிறது. ஒப்புக்கொண்டவர் தூங்கிவிடலாம், அவருடைய வண்டி திருச்சியிலிருந்து இன்னும் திரும்பாமல் இருக்கலாம். ஏறும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அவர் ஷெட்டில் கிலோமீட்டர் மீட்டரைப் படம் பிடித்து, 'கிளம்பிட்டேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் நண்பரின் போன் அலறும், மாற்று வண்டி போகும். மாற்று வண்டி போனால் புதிய எண் பயணிக்குப் போயாக வேண்டும். எண் ஒத்துப்போகாத மஞ்சள் போர்டு வண்டியில் நள்ளிரவில் ஒரு பெண் ஏறத் தயங்குவதுதான் சரி.

அந்த ராமேஸ்வரக் குடும்பம் போய்த் திரும்பியது. மீட்டர் படங்களின்படி ஓடியது 412 கிலோமீட்டர். பில் 5,756 ரூபாய், சுங்கம் தனி. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "நானூறுன்னு போட்டிருந்தீங்க, அந்தப் பன்னெண்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

டிரைவர் டிக்கியிலிருந்து பையை இறக்கிக்கொண்டே சொன்னார்: "அய்யா, வரும்போது அம்மா ராமநாதபுரம் டவுனுக்குள்ள போகச் சொன்னாங்களே, டிபனுக்கு."

அம்மா சிரித்துவிட்டார். பெரியவர் 156 ரூபாயை எண்ணத் தொடங்கினார்.