வருகிறது, வருகிறது!

ஒரு ஜவுளிக்கடை 14 நாளில் புதுப் புடவை ரகத்தை இறக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் முந்தானையின் ஓரத்தை மட்டும் காட்டினால் போதும்; விலை மூச்சுவிடக் கூடாது. அடுத்த வாரம் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் கவுண்ட்டவுன் ஸ்டிக்கர். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் தினமும் போட வேண்டும். பார்ப்பவர் அதைத் தட்டி நினைவூட்டலை வைத்துக்கொண்டால், நேரம் வந்ததும் அவருக்கு அறிவிப்பு போகும். ஆனால் அவருடைய எண் கடைக்குக் கிடைக்காது.

அதற்குத்தான் காத்திருப்போர் பட்டியல். பெயர், வாட்ஸ்அப் எண், பிடித்த நிறம், இவ்வளவு கேட்டால் போதும். எந்த நிறத்தைக் கூடுதலாக வரவழைப்பது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பெயர் கொடுத்தவர் எல்லாரும் வாங்கிவிட மாட்டார்கள்; அதை நம்பி சரக்கைக் குவிக்காதீர்கள். பட்டியலில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே விற்பனையைத் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை யாரும் எண் தரமாட்டார்கள்.