டாக்டர் மாற்றலாகிப் போகும்போது

அரசு மருத்துவமனை டாக்டருக்கு மாற்றல் ஆணை வந்ததும் அலுவலகம் வேகமெடுக்கும். குடியிருப்பைக் காலி செய்தாயிற்றா, நூலகப் புத்தகம் திரும்பியதா, பெயரில் ஏதாவது கருவி இருக்கிறதா என்று பார்த்து, பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுவிப்பு ஆணையைத் தருவார்கள். கடைசிச் சம்பளச் சான்றும் பணிப்பதிவேடும் பின்னாலேயே புது ஊருக்கு வந்து சேரும். நான் கையெழுத்துப் போட்ட தாள்களில் ஒன்றுகூட, நீங்கள் பார்த்துவந்த நோயாளிகளை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று கேட்டதில்லை.

வார்டில் படுத்திருப்பவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கேஸ் ஷீட் இருக்கிறது, சிஸ்டர்கள் இருக்கிறார்கள், மறுநாள் காலை வேறொரு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். கவலையெல்லாம் மாதாமாதம் ஓ.பி. சீட்டோடு வந்து நிற்பவர்களைப் பற்றித்தான். அவர்களுடைய சிகிச்சையில் பாதி சீட்டில் இருக்கும். மீதி டாக்டரின் ஞாபகத்தில் இருக்கும். டாக்டர் ஊர் மாறும்போது அந்த மீதியும் அவரோடு போய்விடும்.

அப்படி ஒரு நோயாளியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். முப்பதை எட்டாத பெண். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டதால், அதை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். உலோகத்தின் மேல் ரத்தம் உறைந்து ஒட்டும் என்பதால், உறைவைத் தடுக்கும் அசெனோகூமரால் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அளவு சரியா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. மருந்து சாப்பிடாதவர்களுக்கு அது 1 அளவில் இருக்கும். இந்தப் பெண்ணுக்கு 2.5 முதல் 3.5-க்குள் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கூடினால் ரத்தம் கசியும்.

அவருடைய சீட்டில் மருந்தின் பெயரும், ஒருநாள் 2 மில்லிகிராம் மறுநாள் 3 என்ற அளவும், மாதம் ஒரு பரிசோதனை என்ற குறிப்பும் இருந்தன. சீட்டில் இல்லாதவை மூன்று. பல்வலிக்கு மருந்துக் கடையில் வலிமாத்திரையும் மெட்ரோனிடசோலும் வாங்கிச் சாப்பிட்டு, ஐ.என்.ஆர். எக்கச்சக்கமாக ஏறி, ஈறில் ரத்தம் நிற்காமல் வந்து வார்டில் சேர்ந்திருக்கிறார். எண்ணைச் சொன்னால் தலையாட்டுவார், ஆனால் வீட்டில் அதைப் படித்து மாத்திரையை எடுத்துக்கொடுப்பது தம்பிதான். மூன்றாவது, அவருக்கு இன்னொரு குழந்தை வேண்டும். அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

இந்த மூன்றாவது விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கரு உண்டான 6 முதல் 12 வாரங்களில் இந்த வகை மாத்திரைகள் சிசுவின் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். அதற்குப் பயந்து அவர் தானாகவே மாத்திரையை நிறுத்தினால் வால்வு அடைத்து உயிருக்கே ஆபத்து. ஆகவே கரு தங்குவதற்கு முன்பே இதய நிபுணரும் மகப்பேறு மருத்துவரும் உட்கார்ந்து திட்டமிட வேண்டும். புதிய டாக்டருக்கு இது தெரியாமல் போனால் கேட்கவே மாட்டார். அந்தப் பெண்ணும் புது முகத்திடம் எளிதில் வாய் திறக்க மாட்டார். “அடுத்து வர்ற டாக்டர்கிட்ட இதை நான் சொல்லலாமாம்மா?” என்று கேட்டேன். “வீட்டுல இருக்கவங்களுக்குத் தெரியாம இருந்தாச் சரி, மேடம்” என்றார். அதனால் அந்தச் செய்தி சீட்டில் ஏறவில்லை. அடுத்த டாக்டரிடம் நேரில் சொன்னேன்.

மற்றதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதினேன். எழுதும் முறைக்கு ஐ-பாஸ் என்று பெயர். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில் பணிமுறை மாறும்போது டாக்டர்கள் இந்த முறையில் ஒப்படைத்துப் பார்த்தார்கள். மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் ஆய்வு வெளியானது. இதில் இரண்டு பழக்கங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்று, இப்படி நடந்தால் இதைச் செய்யுங்கள் என்று முன்கூட்டியே எழுதுவது. “காய்ச்சல், பல்வலி என்று வேறு மருந்து கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்க்கவும்” என்பது அப்படி ஒரு வரி. இரண்டாவது, கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்வது. என்னிடமிருந்து பொறுப்பேற்ற டாக்டர் திருப்பிச் சொல்லும்போது, “கையிருப்பில் அசெனோகூமரால் இல்லாவிட்டால் வார்ஃபரின் கொடுக்கலாமா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இந்தப் பழக்கம் வேண்டும். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் மருந்துகள்தான், ஆனால் மில்லிகிராம் கணக்கு ஒன்றல்ல. வார்ஃபரின் ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவைப்படும். அதே அளவில் மாற்றிக் கொடுத்தால் ஐ.என்.ஆர். இறங்கிவிடும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வால்வு அடைக்கும். “மாற்றினால் அளவைப் புதிதாகக் கணக்கிட்டு, சில நாட்களிலேயே ரத்தம் பார்க்கவும்” என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண், “நீங்க போற ஊருக்கே வந்துடறேன் மேடம்” என்றார். எந்த டாக்டருக்கும் மனம் நெகிழும் சொல் அது. ஆனாலும் சரி என்று சொல்லக் கூடாது. இரண்டு பஸ் மாறி வரவேண்டிய ஊருக்கு முதல் மாதம் வருவார், இரண்டாம் மாதம் வருவார், மூன்றாவது மாதம் வயல் வேலையோ பிள்ளைக்குக் காய்ச்சலோ குறுக்கே வரும். அவருடைய எக்கோ, பழைய ஐ.என்.ஆர். எண்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி எல்லாம் இந்த மருத்துவமனையில்தான் இருக்கின்றன. புது டாக்டரை என் பக்கத்தில் உட்காரவைத்து, அன்றைய சீட்டை அவர் கையால் எழுதச் சொன்னேன். அந்தப் பெண்ணின் பார்வை என்னிடமிருந்து அவரிடம் போக வேண்டும் என்பதற்காகத்தான் அது.

ஆபத்து வந்தால் எப்படித் தெரியும் என்பதையும் தம்பியை வைத்துக்கொண்டு சொன்னேன். உலோக வால்வு கடிகாரம்போல ‘டிக் டிக்’ என்று கேட்கும். இரவில் அமைதியாக இருக்கும்போது அவருக்கே கேட்கும். அந்தச் சத்தம் மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கம் கைகால் விளங்காமல் போனாலோ ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வரவேண்டும். மலம் கறுத்துப் போவதும், தலையில் அடிபடுவதும் அப்படித்தான்.

வார்டில் ஸ்வீட், மிக்சர், டீயோடு வழியனுப்பு நடந்தது. நான் பேசும்போது ஓ.பி. சிஸ்டரைத்தான் முதலில் சொன்னேன். யார் இந்த மாதம் வரவில்லை என்று நோட்டில் குறித்துவைத்து, வீட்டுக்குப் போன் போட்டு வரவழைத்தவர் அவர். வார்ஃபரின், அசெனோகூமரால் சாப்பிடுபவர்களின் பட்டியலை நான் எடுத்துப் போகவில்லை. மருத்துவமனைக்குச் சொந்தமான அது அந்த நோட்டில்தான் இருக்க வேண்டும். சிஸ்டர்களும் வார்டு மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், நோட்டு எந்த மேசை டிராயரில் இருக்கும் என்பதையும் எல்லோர் முன்னாலும் சொல்லிவைத்தேன்.

எல்லா டாக்டருக்கும் இவ்வளவு அவகாசம் கிடைக்காது. சில ஆணைகளில் அன்று மாலையே விடுவிப்பார்கள். ஓ.பி.-க்குப் போய், உங்கள் டாக்டர் மாற்றலாகிவிட்டார் என்று தெரிந்தால் வீடு திரும்ப வேண்டாம். பழைய சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் புதியவர் முன் வையுங்கள். அட்டையில் பெயரும் மில்லிகிராமும் இருக்கும் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற ஆவணங்களை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது என்பதை, அவர் கேட்காவிட்டாலும், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.