பதுளையின் சனத்தொகை அடர்த்தி: மகஜரில் எழுதுமுன் ஒரு தடவை வகுத்துப் பாருங்கள்

பாடசாலைக்கு ஒரு கட்டடம், ஊருக்கு ஒரு மையவாடிக் காணி, தோட்டத்துக்கு ஒரு மருத்துவ நிலையம் என்று எதைக் கேட்டாலும் எமது மகஜர்களின் முதற் பக்கத்தில் ஒரு நகர விபரம் இடம்பெறுகிறது. பரப்பளவு இவ்வளவு, சனத்தொகை இவ்வளவு, ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்று மூன்று இலக்கங்கள் அதில் இருக்கும். பெரும்பாலும் இவை வேறெங்கோ இருந்து அப்படியே எடுத்து எழுதப்பட்டவை. மகஜரைப் பெறும் அதிகாரி கணிப்பானை எடுத்து வகுத்துப் பார்த்து விடை பொருந்தாவிட்டால், எஞ்சிய பக்கங்களையும் சந்தேகத்துடனேயே வாசிப்பார். ஆகவே அவருக்கு முன்னர் நாமே வகுத்துப் பார்ப்பது நல்லது.

மூன்று இலக்கங்களில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். சனத்தொகையைப் பரப்பளவால் வகுத்தால் அடர்த்தி. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் சனத்தொகை 815,405. மாவட்டத்தின் மொத்தப் பரப்பளவு 2,861 சதுர கிலோமீட்டர். வகுத்தால் 285 வருகிறது. ஆனால் ஒரு விபரக்கோவையில் 288 என்று இருந்தால் அது பிழையா? இல்லை. மாவட்டத்தின் மொத்தப் பரப்பில் 34 சதுர கிலோமீட்டர் குளம், ஆறு, நீர்த்தேக்கம். அதைக் கழித்தால் நிலப்பரப்பு 2,827. அதனால் வகுத்தால் 288. நாடு முழுவதற்கும் 2012இல் சொல்லப்பட்ட 325 என்ற அடர்த்தியும் நிலப்பரப்பை வைத்துக் கணித்ததே. ஆகவே 2,861 என்ற பரப்பளவையும் 288 என்ற அடர்த்தியையும் ஒரே வரியில் எழுதினால், இரண்டும் தனித்தனியே சரி, சேர்த்து எழுதியதுதான் தவறு.

நான் இலக்கங்களைச் சரிபார்க்கும்போது விடை பொருந்தவில்லை என்பதோடு நிறுத்துவதில்லை. எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பேன். அந்த வித்தியாசமே பிழை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் விலகினால் மேலே சொன்ன நீர்ப்பரப்பு. நூற்றுக்கு நான்கைந்து விலகினால் பெரும்பாலும் ஆண்டு மாறியிருக்கிறது. 2001இல் பதுளை மாவட்டத்தின் சனத்தொகை 779,983, அடர்த்தி 276. சனத்தொகையை மட்டும் 2012க்குப் புதுப்பித்துவிட்டு அடர்த்தியைப் பழையபடியே விட்ட விபரக்கோவையில் 815,405க்குப் பக்கத்தில் 276 நிற்கும். 2024இலும் கணக்கெடுப்பு நடந்திருப்பதால் இந்தக் கலப்பு இனியும் வரும். விடை இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தால் சதுர மைலும் சதுர கிலோமீட்டரும் கலந்திருக்கின்றன. பதுளை மாவட்டம் சுமார் 1,105 சதுர மைல். அதனால் வகுத்தால் 738 வரும். அந்த இலக்கத்தின் பின்னால் யாராவது 'சதுர கிலோமீட்டருக்கு' என்று எழுதிவிட்டால் மாவட்டமே திடீரென்று நெரிசலாகிவிடும்.

மாகாணத்துக்குப் போகும்போது இன்னொரு பிழை காத்திருக்கிறது. மொனராகலை மாவட்டத்தின் அடர்த்தி 82. பதுளையின் 288ஐயும் இதையும் கூட்டி இரண்டால் வகுத்து ஊவாவுக்கு 185 என்று எழுதுவோர் உண்டு. உண்மையில் 152. மொனராகலையின் நிலப்பரப்பு பதுளையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் இரண்டு அடர்த்திகளையும் சமமாக வைத்துச் சராசரி எடுக்க முடியாது. இரு மாவட்டங்களின் சனத்தொகையையும் கூட்டி, நிலப்பரப்பையும் கூட்டி, அதன் பிறகே வகுக்க வேண்டும்.

நகர விபரத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. 'பதுளை' என்பது மாநகர சபை எல்லையையும் குறிக்கும், பிரதேச செயலகப் பிரிவையும் குறிக்கும், 15 பிரதேச செயலகப் பிரிவுகள் கொண்ட மாவட்டத்தையும் குறிக்கும். ஒன்றின் சனத்தொகையை இன்னொன்றின் பரப்பளவால் வகுத்தால் வரும் விடைக்கு அர்த்தமே இல்லை. வெலிமடை, பசறை, லுணுகலை போன்ற ஊர்களுக்கு மாநகர சபையோ நகர சபையோ இல்லை. பிரதேச சபையின் கீழ் வருவதால் 2012 கணக்கெடுப்பில் அவை கிராமப் பகுதியாகவே எண்ணப்பட்டன. ஆகவே கடைவீதியைப் பார்த்துவிட்டு 'நகர சனத்தொகை' என்ற நிரலில் அந்த ஊர்களைத் தேடினால் கிடைக்காது. நகரம் சிறிதாக இருந்தால் பரப்பளவை முழு எண்ணாக்குவதும் விடையை அசைக்கும். உதாரணத்துக்கு 45,000 பேர் வாழும் ஊரின் பரப்பு '10 சதுர கிலோமீட்டர்' என்றால், உண்மையில் அது 9.5 ஆகவும் இருக்கலாம், 10.5 ஆகவும் இருக்கலாம். அடர்த்தி 4,286 முதல் 4,737 வரை எங்கு நின்றாலும் அதைப் பிழை என்று சொல்ல முடியாது.

தலா கணக்கிலும் இதே கதைதான். பதுளை வைத்தியசாலையின் கட்டில்களை நகரத்தின் சனத்தொகையால் வகுத்தால் தலைக்கு இத்தனை என்று நல்ல விடை வரும். ஆனால் அங்கு படுத்திருப்பவர்கள் பசறையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் வந்தவர்கள். மேலே இருக்கும் இலக்கம் யாருக்கான சேவையோ, கீழே அவர்களின் தொகையே இருக்க வேண்டும்.

இனித் தோட்டங்களுக்கு வருவோம். இங்கே வகுத்தல் சரியாக இருந்தும் விடை ஏமாற்றும். கணக்கெடுப்பில் தோட்டம் என்பது 20 ஏக்கருக்குக் குறையாத, 10 தொழிலாளர்களாவது வசிக்கும் பெருந்தோட்டம். 400 ஹெக்டயர் கொண்ட ஒரு தோட்டத்தில் 2,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 4 சதுர கிலோமீட்டர், அடர்த்தி 500. நெரிசல் இல்லாத இடம் போலத் தோன்றும். ஆனால் தேயிலைச் செடிக்கு இடையில் யாரும் குடியிருப்பதில்லை. லயன்களும் முற்றமும் பாதையும் சேர்ந்து 10 ஹெக்டயர் என்றால், மக்கள் உண்மையில் வாழும் நிலத்தில் அடர்த்தி 20,000. சனத்தொகை ஒன்றே, நாற்பது மடங்கு வித்தியாசம்.

இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம். 2012 கணக்கின்படி பதுளை மாவட்ட நிலத்தை ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்குச் சுமார் 137 பேர்ச்சஸ். காடும் மலையும் தேயிலையும் சேர்ந்த கணக்கு இது; யாரும் கையில் வைத்திருக்கும் காணியல்ல. தோட்ட வீடமைப்பில் ஒரு குடும்பத்துக்கு என்று பேசப்பட்டு வந்த அளவு 7 பேர்ச்சஸ். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு 1.4. மாவட்ட அடர்த்தி 288 என்பதை மட்டும் காட்டி 'இங்கே காணி நெருக்கடி இல்லை' என்று ஒருவர் வாதிட்டால், அவருக்குக் காட்ட வேண்டியது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

ஆகவே மகஜரில் அடர்த்தியை எழுதும்போது அதன் பக்கத்தில் மூன்று விடயங்களையும் எழுதிவிடுங்கள்: எந்த ஆண்டுச் சனத்தொகை, எந்த எல்லை, மொத்தப் பரப்பா நிலப்பரப்பா. தோட்டத்துக்காகக் கேட்பதானால் குடியிருப்பு நிலத்தின் அளவைத் தோட்ட அலுவலகத்தில் கேட்டுப் பெற்று, அதையும் தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.