காட்டுக் கேமராவும் கழித்தல் கணக்கும்

தான்சானியா நாட்டின் செரங்கெட்டி தேசியப் பூங்காவில் 2010ஆம் ஆண்டு முதல் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 225 தானியங்கிக் கேமராக்களை நிறுவினர். 1,125 சதுர கிலோமீட்டர் பரப்பில் மரங்களிலும் கம்பங்களிலும் அவை பொருத்தப்பட்டன. 2013ஆம் ஆண்டுக்குள் அவற்றிலிருந்து ஏறத்தாழ 12 இலட்சம் படத்தொகுதிகள் திரண்டன. அவற்றுள் விலங்குகள் இடம்பெற்றவை சற்றேறக்குறைய 3,20,000 மட்டுமே. ஏனையவற்றில் புல்லும் மரமும் வானமுமே இருந்தன. உலகெங்கும் உள்ள 28,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கணினித் திரையில் இப்படங்களைப் பார்த்து வகைப்படுத்தினர். அவர்தம் பார்வை நேரத்தை வெற்றுப்படங்களும் கவர்ந்துகொண்டன.

விலங்கு இல்லாதபோது கேமரா ஏன் படமெடுக்கிறது என்னும் ஐயம் எழுவது இயல்பு. இக்கேமராக்களின் உணரி விலங்கின் உருவத்தை அறிவதில்லை. தன் முன்னுள்ள பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரின் அளவு திடீரென மாறுவதை மட்டுமே அது உணர்கிறது. உடல்வெப்பம் மிக்க மான் குறுக்கே சென்றால் அந்த மாற்றம் நிகழும். நண்பகல் வெயிலில் சூடேறிய புல் காற்றில் அசைந்தாலும் அதே மாற்றம் நிகழும். உணரிக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே காற்று வீசும் ஒரு பிற்பகலில் ஒரே கேமரா நூற்றுக்கணக்கான புற்படங்களை எடுத்துக் குவித்துவிடும்.

இக்குவியலைப் பிரிப்பதற்கு மிக எளிய கருவி கழித்தல் கணக்கேயாகும். பெரும்பாலான கேமராக்கள் ஒருமுறை தூண்டப்பட்டதும் அடுத்தடுத்து மூன்று படங்களை எடுக்குமாறு அமைக்கப்படுகின்றன. கேமரா அசையாமல் நிற்பதால் மூன்றிலும் ஒரே காட்சி ஒரே இடத்தில் பதிகிறது. அப்படங்களுக்கிடையே மாறியது எதுவோ அதுவே அசைந்தது எனக் கொள்ளலாம்.

மூன்று படங்களும் முதலில் 320க்கு 240 புள்ளிகள் என்னும் சிறிய அளவுக்குச் சுருக்கப்பட்டுக் கறுப்பு வெள்ளையாக மாற்றப்படுகின்றன. இப்போது ஒரு படத்தில் 76,800 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரையிலான ஒளி மதிப்பு ஒன்று உண்டு. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. முதற்படத்தில் ஒரு புள்ளி 142 எனவும் இரண்டாம் படத்தில் அதே புள்ளி 145 எனவும் இருந்தால் வேறுபாடு 3. இது கேமராவின் மின்னணு இரைச்சலால் வருவது, பொருட்படுத்தத் தக்கதன்று. புல்வெளியாக 142 இருந்த இடத்தில் மானின் விலாப்புறம் வந்து 88 ஆகிவிட்டால் வேறுபாடு 54. எனவே 25 என்பதை எல்லையாக வைத்து, அதற்கு மேல் மாறிய புள்ளிகளை மட்டும் வெள்ளையாகவும் பிறவற்றைக் கறுப்பாகவும் காட்டினால், அசைவின் வரைபடம் ஒன்று கிடைக்கிறது. கழிக்கும்போது எதிர்மக்குறி வந்தால் அது நீக்கப்படும். மாற்றத்தின் அளவுதான் தேவை, திசை அன்று.

மான் நடந்துசெல்லும் தொகுதி ஒன்றில் முதலிரு படங்களைக் கழித்தபோது 2,300 புள்ளிகள் மாறியிருந்தன எனக் கொள்வோம். இது மொத்தப் புள்ளிகளில் சுமார் மூன்று விழுக்காடு. ஆனால் வரைபடத்தில் ஒரு மானுக்கு மாறாக இரண்டு திட்டுகள் தெரியும். மான் விட்டுச்சென்ற இடமும் மாறியுள்ளது, வந்துசேர்ந்த இடமும் மாறியுள்ளது என்பதே அதற்குக் காரணம். இரண்டாம் மூன்றாம் படங்களைக் கழித்தாலும் இவ்வாறே இரண்டு திட்டுகள் தோன்றும். இவ்விரு வரைபடங்களிலும் பொதுவாக வெள்ளையாகும் இடம் எதுவோ, அதுவே இரண்டாம் படத்தில் மான் நின்ற இடம். மூன்றாவது படத்தின் பயன் இங்குப் புலனாகும்.

இனி, காற்றில் புல் அசைந்த தொகுதியை நோக்குவோம். அதிலும் 2,300 புள்ளிகள் மாறியிருக்கக்கூடும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் நிரல் இரண்டையும் ஒன்றாகவே கருதும். வேறுபாடு அப்புள்ளிகள் அமைந்துள்ள முறையில் இருக்கிறது. மானின் புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டி ஆயிரம் புள்ளிகளுக்கு மேற்பட்ட பெருந்திட்டாக நிற்கும். புல்லின் புள்ளிகள் முப்பதும் நாற்பதுமாகப் படமெங்கும் சிதறிக் கிடக்கும். எனவே மொத்த எண்ணிக்கைக்குப் பதிலாக மிகப்பெரிய திட்டின் அளவைக் கேட்பதே தக்கது. திட்டு 150 புள்ளிகளுக்குக் குறைந்தால் அத்தொகுதி வெற்று எனக் குறிக்கலாம். தொலைவில் ஓடும் நரியின் திட்டும் அந்த அளவுக்குள் அடங்கிவிடலாம் என்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை.

முகிலொன்று கதிரவனை மறைத்தால் படம் முழுவதும் மாறி, எழுபது எண்பது விழுக்காடு புள்ளிகளும் வெள்ளையாகிவிடும். கழிப்பதற்கு முன்பே ஒவ்வொரு படத்தின் சராசரி ஒளியையும் சமப்படுத்திவிட்டால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். யானை உரசிக் கேமரா திரும்பிவிட்டாலும் படம் முழுவதும் மாறும். அப்படத்தை எவரேனும் பார்க்கத்தான் வேண்டும். ஆகவே அதை வெற்றுப்படத்தோடு சேர்த்தல் ஆகாது.

இம்முறையின் உண்மையான இடர் அசையாத விலங்கே. மேயும் மான் தலையை மட்டும் அசைத்தால் தலையளவு திட்டே தெரியும். மரநிழலில் படுத்துறங்கும் சிங்கமோ மூன்று படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கிறது. கழித்தால் எஞ்சுவது சுழியம். நிரல் அதை வெற்றுப்படம் என்றே கூறும். கணக்கில் பிழையில்லை. அசைவு உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்ற விடை சரியானதே. விலங்கு உண்டா என்பது வேறு வினா.

அவ்வினாவை ஓரளவு நெருங்குவதற்கு வெற்றிடத்தின் படம் ஒன்று வேண்டும். பல நாள்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட 21 படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளிக்குமுரிய 21 மதிப்புகளையும் ஏறுவரிசைப்படுத்தி நடுவில் உள்ள பதினொன்றாவது மதிப்பைத் தெரிவு செய்வர். இதுவே இடைநிலை அளவு. நான்கைந்து படங்களில் சிங்கம் இருந்தாலும் அது நடுமதிப்பைப் பாதிக்காது. ஆதலால் சிங்கமற்ற நிலக்காட்சி கிடைக்கும். அதனோடு ஒப்பிட்டுக் கழித்தால் உறங்கும் சிங்கமும் திட்டாக வெளிப்படும். 21 படங்களையும் ஒரே பிற்பகலிலிருந்து எடுத்திருந்தால், பாதிக்கு மேற்பட்டவற்றில் சிங்கம் இருந்து, சிங்கமே நிலக்காட்சியின் பகுதியாகிவிடும்! பல நாள்களிலிருந்து எடுக்கச் சொல்வது இதனாலேயே. இரவில் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படங்களைப் பகற்படங்களோடு கலக்கவும் கூடாது.

எவ்வளவு திருத்தினாலும் சில விலங்குகள் தப்பும். ஆகவே வெற்று எனக் குறிக்கப்பட்டவற்றை அழிப்பதில்லை. வேறொரு கோப்புறைக்கு நகர்த்துவதோடு நிறுத்திக்கொள்வர். மூன்று படங்களும் பிரியாமல் ஒரே தொகுதியாகவே நகர வேண்டும். நகர்த்துவதிலும் ஒரு கண்ணி உண்டு. பல கேமராக்கள் ஒவ்வொரு நினைவக அட்டையிலும் `IMG_0001.JPG` என்றே எண்ணத் தொடங்குகின்றன. வெவ்வேறு கேமராக்களின் படங்களை ஒரே கோப்புறையில் இட்டால், பின்வந்தது முன்னதன்மேல் எழுதப்பட்டு முன்னது ஓசையின்றி மறைந்துபோகும். கேமராவின் எண்ணையும் நாளையும் கோப்புப் பெயரின் முன் சேர்த்த பின்னரே நகர்த்துதல் வேண்டும். எது எங்கிருந்து சென்றது என்னும் பட்டியலும் உடன் எழுதப்பட வேண்டும்.

விலக்கிவைத்த குவியலில் எத்தனை விலங்குகள் சிக்கியுள்ளன என்பதையும் அறியலாம். 6,000 தொகுதிகள் விலக்கப்பட்டிருந்தால் அவற்றுள் 200ஐக் குருட்டாம்போக்கில் எடுத்து ஒருவர் கண்ணால் பார்க்கிறார். இரண்டில் விலங்கு இருந்தால் நூற்றுக்கு ஒன்று தவறியுள்ளது. முழுக் குவியலில் ஏறத்தாழ அறுபது தொகுதிகள் இருக்கலாம். தவறியவை பெரும்பாலும் கூட்டமாக மேயும் வரிக்குதிரைகள் என்றால் ஆய்வாளர் அதைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். அரிதாகவே தென்படும் சிறுவிலங்கொன்று அவற்றுள் இருந்தால் பொறுக்க இயலாது. அப்போது திட்டின் எல்லையை 150இலிருந்து 80ஆகக் குறைத்து நிரலை மீண்டும் இயக்குகின்றனர். புற்படங்கள் பல திரும்பிவரும். அவற்றைப் பார்த்து ஒதுக்கும் வேலையும் கூடும். அழிக்காமல் விட்டதனால் இம்மறுமுயற்சிக்குப் பழைய படங்கள் அனைத்தும் கோப்புறையில் அப்படியே காத்திருக்கின்றன.