சாப்பிட்டதும் நெஞ்சு ஏன் எரிகிறது?

இரவு 10 மணிக்குக் கடையை அடைக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 45. மதியம் சரியாகச் சாப்பிட நேரமில்லை. நடுவில் நாலைந்து டீ குடித்திருக்கிறார். வீட்டுக்குப் போகிற வழியில் நான்கு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். பதினொன்றுக்குள் படுக்கை. நள்ளிரவில் நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டைவரை தீயாக எரிகிறது. வாயில் புளித்த நீர் ஊறுகிறது. எழுந்து உட்கார்ந்து ஒரு சோடா குடிக்கிறார். பெரிய ஏப்பம் ஒன்று வந்ததும் கொஞ்சம் தேவலை போலிருக்கிறது. படுத்தால் மறுபடியும் எரிச்சல். மறுநாள் மருந்துக்கடையில் ‘ஆசிட் மாத்திரை’ ஒரு அட்டை வாங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டுக்கொள்கிறார். பெரிதாகக் கேட்கவில்லை. “எனக்கு உடம்பிலேயே ஆசிட் அதிகம்” என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இப்படிச் சொல்கிற பெரும்பாலானவர்களுக்கு அமிலம் அதிகமாகவெல்லாம் சுரப்பதில்லை. மற்றவர்களுக்குச் சுரக்கிற அளவுதான் அவர்களுக்கும் சுரக்கிறது. அது இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே ஏறி வருவதுதான் கோளாறு. இதைப் புரிந்துகொண்டால், எதை மாற்ற வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். புரதத்தைச் செரிக்கவும், உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லவும் அது தேவை. இரைப்பையின் உட்சுவரில் கெட்டியான சளிப்படலம் இருப்பதால் அமிலம் அதைத் தாக்குவதில்லை. அதற்கு மேலே சுமார் 25 செ.மீ. நீளத்துக்கு இருக்கும் உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது. இரண்டும் சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே இறுக மூடிக்கொள்ள வேண்டியது அதன் வேலை.

ஆனால் விழுங்காதபோதும் அது அவ்வப்போது சில விநாடிகள் தளர்ந்து திறக்கும். வயிற்றின் மேல்பகுதி உப்பினால், உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்ற உடம்பு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. ஏப்பம் வருவது அப்படித்தான். வயிறு நிரம்ப நிரம்ப இந்தத் திறப்பும் அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு முறையும் காற்றோடு கொஞ்சம் அமிலமும் மேலே வரலாம். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு நெஞ்சு எரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உணவு அமிலத்தோடு கலந்து அதன் வீரியத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாகச் சுரக்கும் அமிலம் உணவோடு முழுதாகக் கலக்காமல், அதன் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. அது மிதக்கும் இடம் அந்த வளையத் தசைக்கு நேர் கீழே. தசை தளர்ந்தால் முதலில் ஏறுவது அதுதான்.

இந்த எதுக்களிப்பு எல்லோருக்கும் தினமும் கொஞ்சம் நடக்கிறது. பகலில் நாம் நிமிர்ந்து இருப்பதால் அமிலம் தானாகவே கீழே இறங்கிவிடுகிறது. நொடிக்கு நொடி விழுங்கும் எச்சில் மிச்சத்தைக் கழுவிவிடுகிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைகிறது, விழுங்குவதும் அபூர்வம். நிறைந்த குடத்தைக் கிடையாகப் படுக்கவைத்ததைப் போல வயிறு இருக்கும்போது, ஏறிய அமிலம் உணவுக்குழாயில் நெடுநேரம் தங்கிவிடுகிறது. நம் கடைக்காரரின் பிரச்சினையில் பாதி, அந்தப் பதினொரு மணிப் படுக்கை.

மீதிப் பாதி தட்டில் இருந்தது. பரோட்டாவிலும் சால்னாவிலும் எண்ணெய் அதிகம். கொழுப்பு இரைப்பையிலிருந்து உணவு கீழே இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது, வளையத் தசையையும் தளர்த்துகிறது. அதனால் மணி பன்னிரண்டாகியும் வயிறு நிறைந்தே இருக்கிறது. காரத்தின் கதை வேறு. மிளகாய் அமிலத்தைப் பெருக்குவதால் எரிகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். மிளகாயில் இருக்கும் காப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளையே நேராகத் தூண்டுகிறது. ஏற்கெனவே அமிலம் பட்டுப் புண்பட்ட குழாயில் அது பட்டால் எரிச்சல் பல மடங்காகத் தெரியும். புளி, தக்காளி, எலுமிச்சை ஆகியவற்றுக்குத் தமக்கே புளிப்பு உண்டு. வத்தக்குழம்போ தக்காளி ரசமோ விழுங்கும்போதே சுருக்கென்று எரிந்தால், குழாய் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். காபி, சாக்லேட், புதினா மிட்டாய், மது, சிகரெட், பீடி எல்லாம் சிலருக்குத் தசையைத் தளர்த்துகின்றன. பச்சை வெங்காயம் சிலருக்கு ஆகாது.

சோடாவைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். அதிலுள்ள வாயு வயிற்றை உப்பவைக்கிறது. அதனால்தான் அந்தப் பெரிய ஏப்பம். ஏப்பத்தில் கிடைக்கும் ஆறுதல் சில நிமிடம். தசை திறந்ததில் அமிலமும் கூடவே ஏறிவிடுகிறது. குளிர்ந்த பால் குடித்தாலும் எரிச்சல் உடனே அடங்கும், ஆனால் பாலின் புரதமும் கால்சியமும் மறுபடி அமிலத்தைச் சுரக்க வைக்கும். படுக்கப் போகும் நேரத்தில் இரண்டுமே உதவாது.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திப் பத்தியச் சாப்பாட்டுக்குப் போகத் தேவையில்லை. ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம், எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டோம், எப்போது படுத்தோம், எப்போது எரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால் போதும். பெரும்பாலும் இரண்டு மூன்று குற்றவாளிகள் தெரிந்துவிடும். அவற்றை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம்.

நம் கடைக்காரர் அப்படி எழுதிப் பார்த்தால், பரோட்டா இல்லாமல் தோசை சாப்பிட்ட நாளிலும் தாமதமாகச் சாப்பிட்டு உடனே படுத்தபோது எரிந்தது தெரியவரும். அவர் முதலில் மாற்ற வேண்டியது நேரத்தை. ஏழரை மணிக்குக் கடையிலேயே இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தபின் பசித்தால் ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி கிடைத்துவிடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்தலாம். தலையணையை மட்டும் அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடங்கி வயிற்றை அழுத்தும், அது பயன்படாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயை விடத் தாழ்வாக அமைவதால் அமிலம் ஏறுவது குறையும். தொப்பை இருந்தால் அதன் அழுத்தமே அமிலத்தை மேலே தள்ளும். எடை சில கிலோ இறங்கினாலும் பலருக்கு வித்தியாசம் தெரிகிறது.

இனி அந்த மாத்திரை. எரியும்போது மெல்லும் மாத்திரையும், குடிக்கும் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு நிற மருந்தும் இருக்கிற அமிலத்தை முறித்துச் சில நிமிடங்களில் ஆறுதல் தரும். பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை வேறு வகை. இரைப்பைச் செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. உணவு வரும்போதுதான் அவற்றில் பெரும்பாலானவை இயங்கத் தொடங்கும். இயங்குகிற பம்பைத்தான் இந்த மருந்தால் பூட்ட முடியும். அதனால் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே போட்டு, உணவு வரும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறைவு. முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதால் ஒரே இரவில் மாயம் நடக்காது.

நெஞ்செரிச்சலைத் தவிர வேறு அறிகுறி இல்லாவிட்டால் மருத்துவர்கள் இதைச் சில வாரங்களுக்குத் தருவார்கள். நாமே வாங்கி இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்வதோ, மாதக் கணக்கில் போடுவதோ சரியல்ல. நீண்ட நாள் போட்டவர்களுக்கு பி12 வைட்டமினும் மெக்னீசியமும் குறையலாம். பல நாள் போட்டுத் திடீரென நிறுத்தினால், அடக்கிவைத்த சுரப்பு சில வாரங்களுக்கு எகிறும். ‘மாத்திரை இல்லாமல் வாழ முடியாது’ என்று பலர் முடிவுக்கு வருவது இந்த நாட்களில்தான். மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் அது அடங்கிவிடும். டோம்பெரிடோன் சேர்ந்த கூட்டு மாத்திரையைச் சொந்தமாக வாங்கக் கூடாது. சிலருக்கு இதயத்துடிப்பின் ஒழுங்கை அது கெடுக்கும். மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோபினாக் போன்றவை இரைப்பையையே புண்ணாக்கும். ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள் வளையத் தசையைத் தளர்த்தும். அவற்றை நாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எரிந்தாலோ, மாத்திரை போட்டும் இரண்டு வாரத்தில் அடங்காவிட்டாலோ மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சில அறிகுறிகள் இருந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது. சோறு தொண்டைக்குக் கீழே அடைப்பதுபோல் நிற்பது, விழுங்கினால் வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ஓயாத வாந்தி, 55 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் எரிச்சல் ஆகியவை அப்படிப்பட்டவை. இவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோப்பி தேவைப்படும். வாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி உணவுக்குழாயையும் இரைப்பையையும் நேரில் பார்க்கும் அந்தப் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை போடுபவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதால், அதைப் போடுவதை அங்கே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்பட வைப்பது ‘கேஸ் வலிதான்’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் பழக்கம். இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் வலியை எடுத்துச்செல்லும் நரம்புகள் பெரும்பாலும் ஒரே வழியில் போகின்றன. இதயத்தின் அடிப்பகுதிக்கு ரத்தம் தடைபட்டால், மேல்வயிற்று எரிச்சலாகவும் வாந்தி உணர்வாகவும் மட்டுமே அது தெரியலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். எரிச்சலோடு குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது, நெஞ்சை அழுத்துவது, கை அல்லது தாடைக்கு வலி பரவுவது, மாடிப்படி ஏறினால் வந்து நின்றால் குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இதயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அமில மருந்து குடித்ததும் குறைந்துவிட்டது என்பது இதயம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இதய வலியும் தற்செயலாக அந்த நேரத்தில் குறையலாம்.

அப்போது சோடாவுக்கு ஆள் அனுப்பாமல் 108-ஐ அழைக்க வேண்டும். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை. ஆனால் முதல் இசிஜி சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. அடைப்பின் தொடக்கத்தில் அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ட்ரோபோனின் என்னும் ரத்தப் பரிசோதனையிலும் இதயத் தசை பழுதானது தெரியச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் இரண்டையும் இடைவெளி விட்டு மறுபடி எடுக்கிறார்கள். ‘எல்லாம் நார்மல், கேஸ்தானே’ என்று முதல் தாளை வாங்கியதும் கிளம்பாமல், அந்த இரண்டாவது முடிவு வரும்வரை அங்கேயே இருங்கள்.