வாடை அடங்கினால் போதுமா? த்ரீ-டி பிரிண்டர் ஃபில்டரின் எல்லைகள்

மூடிய பெட்டியும் ஃபில்டரும் உள்ள த்ரீ-டி பிரிண்டரை வாங்கியதும், படுக்கையறையிலேயே வைத்து ஓட்டலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த ஃபில்டரில் பெரும்பாலும் ஹெப்பா, கார்பன் என்று இரண்டு அடுக்குகள் இருக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

உருகும்போது வெளிவருவது

ஏ.பி.எஸ். ஃபிலமென்ட் சுமார் 240 டிகிரி செல்சியஸில் உருகும்போது முக்கியமாக இரண்டு பொருள்கள் காற்றில் கலக்கின்றன. ஒன்று, 0.1 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்கள். இவை நுரையீரலின் அடிவரை செல்லக்கூடியவை. இன்னொன்று ஸ்டைரீன் ஆவி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் இது இருக்கிறது.

ஹெப்பா: துகளுக்கு மட்டும்

‘0.3 மைக்ரானில் 99.97 சதவீதம்’ என்ற வரியைப் படித்ததும், அதைவிடச் சிறியவை தப்பிவிடும் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. பிடிப்பதற்கு மிகவும் கடினமான அளவே ஏறத்தாழ 0.3 மைக்ரான்தான். இன்னும் சிறிய துகள்கள் காற்று மூலக்கூறுகளால் மோதப்பட்டு அங்குமிங்கும் தடுமாறி, இழைகளில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஸ்டைரீன் துகளல்ல, ஆவி. ஹெப்பாவுக்குள் அது தடையின்றிப் புகுந்து வெளியேறும்.

கார்பன்: நிரம்பும்வரை

ஆவியைப் பிடிப்பது ஆக்டிவேட்டட் கார்பன். அதன் நுண்துளைகளில் ஸ்டைரீன் ஒட்டிக்கொள்கிறது. துளைகள் நிரம்பினால் வேலை நின்றுவிடும். வெப்பமும் ஈரப்பதமும் பிடிப்பைக் குறைக்கும். கரித்தூள் தடவிய மெல்லிய பஞ்சைவிட, குருணையாகக் கார்பன் நிரப்பிய தடித்த அடுக்கு வெகுநாள் தாங்கும்.

ஒரு கணக்கு

ஏ.பி.எஸ். அச்சில் நிமிடத்துக்கு 50 மைக்ரோகிராம் ஸ்டைரீன் வருவதாக வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் 24 மில்லிகிராம் சேரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியான அறையின் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். ஃபில்டரும் காற்றோட்டமும் இல்லையென்றால் கன மீட்டருக்கு 0.86 மில்லிகிராம். உலக சுகாதார அமைப்பு ஒரு வாரச் சராசரிக்குச் சொல்லும் வரம்பு 0.26.

ஃபில்டர் தொடாதவை

கதவிடுக்கிலும் ஃபில்டரின் ஓரத்திலும் கசிவது வடிகட்டப்படாமலே அறைக்குள் வரும். அச்சு முடிந்த உடனே கதவைத் திறந்தால் பெட்டிக்குள் தேங்கியதெல்லாம் முகத்தில் அடிக்கும். விசிறியை 20, 30 நிமிடம் ஓடவிட்டுத் திறப்பதே சரி.

பழகிய மூக்கு வாடையை உணராது. வாடை இல்லையென்றாலும் துகள் இருக்கலாம். மலிவான பிஎம் 2.5 மீட்டர்கள் 0.3 மைக்ரானுக்குக் கீழே பெரும்பாலும் காண்பதில்லை. ஆகவே அவை காட்டும் சுழியத்தை நம்பக் கூடாது.

ஓடும்போதே வெளியில் பிளாஸ்டிக் வாடை வந்தால் கார்பனை மாற்றுங்கள். ஏ.பி.எஸ். அடிக்கடி அச்சிடுபவர்கள், பெட்டியிலிருந்து ஒரு குழாயை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். அதற்கு நிரம்பிப்போகும் அடுக்கு எதுவும் இல்லை.